ராவிலே என்றால் எப்போது?

மலையாளம் தெரிந்தவருக்குத் தமிழ் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, வார்டில் ஒரு மாதம் நின்றால் தானாக வந்துவிடும். வேலூரிலும் கணியம்பாடியிலும் இதை மறுத்துப் பேசும் ஆள் அரிது. மருத்துவமனைப் படிக்கட்டிலும் சொல்கிறார்கள், கணக்கெடுப்புப் படிவம் தயாரிக்கும் அறையிலும் சொல்கிறார்கள். தமிழ்ப்பற்று உள்ளவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், மலையாளமே பழைய சேரநாட்டுத் தமிழ்தானே, அதற்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர் என்பார்கள்.

இந்தக் கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடே வைக்கிறேன். உடலுறுப்புகளின் பெயர், உறவுப் பெயர், எண்கள், உண்பது உறங்குவது எல்லாம் இரண்டு மொழிக்கும் ஏறக்குறைய ஒன்று. தலை தலதான், வயிறு வயறுதான், மருந்து மருந்நுதான். கோட்டயத்திலிருந்தும் பத்தனம்திட்டையிலிருந்தும் வந்த செவிலியர்கள் பல தலைமுறைகளாக வேலூர் நோயாளிகளோடு பேசிப் பழகியிருக்கிறார்கள். பெரிய சேதம் எதையும் நாம் கண்ணால் பார்க்கவில்லை. ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள் சில இருக்கின்றன, உண்மை. மலையாளி 'வெள்ளம்' கேட்டால் தண்ணீர், 'பனி' என்றால் காய்ச்சல், 'பட்டி' என்றால் நாய், 'குட்டி' என்றால் பிள்ளை. இவை சிரித்துவிட்டுப் போகிற விஷயம். முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். மீதியை, பேசும் சூழல் பார்த்துக்கொள்ளும். ஐம்பது சொல்லுக்கு ஒரு பட்டியல் அடித்துச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது.

வார்டில் நேருக்கு நேர் நடக்கும் பேச்சுக்கு இந்த வாதம் பெருமளவு பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிரே இருப்பவர் முகம் சுளித்தால் சிஸ்டர் வேறு சொல்லைப் போட்டுக் கேட்பார். தாளுக்கு முகம் கிடையாது. கேரளத்தில் தயாரான நோயாளிக் குறிப்பையோ கேள்விப் படிவத்தையோ தமிழாக்கும்போதும், தமிழ் நோயாளி சொன்னதை மலையாள மனத்தோடு கேட்டு எழுதும்போதும் இந்த வாதம் நான்கு இடங்களில் உடைகிறது.

ஒன்று: சூழல் காப்பாற்றும் என்பது.

எந்தச் சூழல், யாரைக் காப்பாற்றும்? 'வெள்ளம் தா' என்று ஒருவர் டம்ளரை நீட்டினால் பாலாற்று வெள்ளத்தை யாரும் நினைக்கப் போவதில்லை. ஒரு பொருள் வீட்டுக்குள்ளும் மற்றது ஆற்றிலும் இருப்பதால் அங்கே சூழல் உதவுகிறது. இரண்டு பொருளும் ஒரே இடத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் சூழலிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

மலையாளத்தில் 'ராவிலெ' என்றால் காலை. கணியம்பாடி ஒன்றியத்து ஆயா ஒருவர் 'ராவுல' என்றால் இரவு. மூலம் ஒன்றுதான்: மலையாளத்திலும் 'ராவ்' தனியாக வந்தால் இரவு. இரவைக் குறித்த சொல் அங்கே மெல்ல நகர்ந்து காலையாகிவிட்டது. இங்கே இரவிலேயே நின்றுவிட்டது. (மாலைக்கு மலையாளத்தில் 'வைகுந்நேரம்' என்கிறார்கள். நமக்கு வைகறை என்றால் விடியல். நாளின் இரண்டு முனைகளையும் இரண்டு மொழிகளும் மாற்றி வைத்துக்கொண்டிருக்கின்றன.)

மலையாளி செவிலியர் தமிழ் பேசும்போது 'காலைல' என்று சரியாகவே சொல்வார். அதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். நான் கவலைப்படுவது அவர் கேட்கும் தமிழைப் பற்றி. ஒருவர் பேசும் தமிழைப் பக்கத்தில் இருப்பவர் திருத்தலாம். அவர் காதுக்குள் புகுந்த தமிழை யார் திருத்துவது?

ஒரு ஆயா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'ராவுல மூச்சு முட்டுதும்மா.' படுத்த பிறகு இரவில் மூச்சு முட்டுவது இதயம் தளர்ந்திருப்பதைக் காட்டும் முக்கியமான அறிகுறி. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், நடுராத்திரியில் எழுந்து உட்காருகிறீர்களா என்று மருத்துவர் அடுத்துக் கேட்க வேண்டியது அதனால்தான். எழுதுபவரின் காதில் அது 'காலையில் மூச்சு முட்டுகிறது' என்று விழுந்தால் அந்தக் கேள்விகள் எழாமலே போகலாம். காலையில் மூச்சு முட்டுவதும் நடக்கக்கூடியதே என்பதால் குறிப்பைப் படிக்கும் எவருக்கும் சந்தேகம் வராது. சூழல் இரண்டு பொருளுக்கும் சமமாகத் தலையாட்டுகிறது.

மாத்திரை விஷயத்தில் திசை மாறும். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரையைக் காலையில் போடச் சொல்வார்கள். போட்டபின் சில மணி நேரம் சிறுநீர் அடிக்கடி போகும், பகலில் அது தொல்லை குறைவு. அவசரத்தில் வாயிலிருந்து தாய்மொழி நழுவி 'ராவிலெ ஒண்ணு' என்று வந்துவிட்டால் ஆயா அதைப் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்வார். இரவெல்லாம் எழுந்து கொல்லைப்பக்கம் போவார், இருட்டில் கால் தடுக்கும். அடுத்த முறை வந்து 'நைட்டுல தூக்கமே இல்ல, எழுந்து எழுந்து போறேன்' என்று சொன்னால் சர்க்கரையா, சிறுநீர்த் தொற்றா என்று தேடத் தொடங்குவார்கள். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தாலும் கணக்கு நேராக இருக்கும், ஏனென்றால் அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. சர்க்கரைக்குக் காலை உணவுக்கு முன் போட வேண்டிய மாத்திரை வெறும் வயிற்றோடு இரவுக்கு மாறினால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். அது இதைவிட மோசம்.

சீட்டில் 1-0-0 என்றுதானே எழுதுகிறோம் என்பீர்கள். சரி, எழுதுகிறீர்கள். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்காத பெண்மணி சீட்டை நம்புவதில்லை; கவுண்டரில் காதால் கேட்டதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்.

இரண்டு: வடமொழிச் சொல்லைப் போட்டால் பத்திரம் என்பது.

படித்தவர்களுக்கே உரிய மயக்கம் இது. நாட்டுச் சொற்கள்தான் ஊருக்கு ஊர் மாறும், சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை இரண்டு மொழிக்கும் பொது, ஆகவே படிவத்தில் அவற்றைப் போட்டால் தவறு வராது என்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து வந்த சொல்லை ஒவ்வொரு மொழியும் தனக்கு வேண்டிய மூலையில் நட்டு வளர்த்திருக்கிறது. 'அவசரம்' அங்கே வாய்ப்பு, இங்கே பதற்றம். 'சம்சாரம்' அங்கே பேச்சு, இங்கே மனைவி. இவற்றைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆபத்து குறைவு. 'சோதனை' அப்படி இல்லை.

வயிற்றில் அறுவை முடிந்த நோயாளியிடம் மலையாளத்தில் கேட்பார்கள்: இன்று 'ஷோதன' உண்டாயிற்றா? அதாவது மலம் கழிந்ததா. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்பதற்கு இது ஓர் அடையாளம்; சாப்பாட்டை எப்படிக் கூட்டுவது என்று யோசிக்கும்போது இந்தப் பதிலும் கணக்கில் வரும். இந்த வரி தமிழ்ப் படிவத்தில் 'இன்று சோதனை ஆயிற்றா?' என்று இறங்கினால் என்ன ஆகும்? தமிழில் சோதனை என்றால் ரத்தம் எடுப்பது, ஸ்கேன் பார்ப்பது. காலையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள், அதனால் நோயாளி நிம்மதியாக 'ஆம்' என்பார். வாய்திறந்து 'ஆமா, ரெண்டு குப்பி எடுத்தாங்க' என்று சொன்னால் பிழை அங்கேயே பிடிபடும். படிவத்தில் ஒரு டிக் அடிக்க மட்டுமே இடம் இருக்கிறது. குடல் அசையாத நோயாளிக்கு, அசைந்துவிட்டது என்று ஒரு டிக் விழுகிறது.

'பேதம்' இன்னொன்று. மலையாளத்தில் நோய் 'பேதமாயி' என்றால் குணமாகிவிட்டது. நம் ஊரில் பேதியாகிறது என்றால் வயித்தால போவுது. 'பேதமாயோ?' என்று கேட்ட கேள்விக்கு 'ஆமா சிஸ்டர், மூணு தடவ' என்று பதில் வந்தால் பிழைத்தோம். பதிலிலேயே பிழை தெரிந்துவிடும். வெறும் 'ஆமா' வந்தால் குணமானவர் பட்டியலில் அவர் பெயர் ஏறும்.

மொழிபெயர்ப்பாளர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுதான். இரண்டு சொற்கள் எவ்வளவு ஒத்து ஒலிக்கின்றன என்பதைப் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. தவறாகப் புரிந்துகொண்டவர் தரும் பதிலும் நம்பும்படியாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அந்தச் சொல் படிவத்தில் இருக்கவே கூடாது.

மூன்று: பட்டியல் போட்டால் போதும் என்பது.

பட்டியல் எதைப் பிடிக்கும்? முழுக்க வேறான பொருள் உள்ள சொற்களைப் பிடிக்கும். பாதி ஒத்துப் பாதி விலகும் சொற்கள் அதில் ஏறுவதே இல்லை, ஏனென்றால் பட்டியல் தயாரிப்பவருக்கே அவை ஒன்றாகத் தெரிகின்றன. 'வேதனை' அப்படிப்பட்டது. மலையாளத்தில் தலை நொந்தால் தலவேதன, பல் நொந்தால் பல்லுவேதன. உடம்பு வலிக்கு அன்றாடச் சொல்லே அதுதான். தமிழில் உடம்புக்கு வலி, மனசுக்கு வேதனை. தமிழிலும் உடல் வேதனை என்று சொல்ல இடமுண்டு, மலையாளத்திலும் மனவேதன உண்டு. அதனால்தான் இரண்டும் ஒன்றென்ற எண்ணம் கலைவதில்லை.

கணியம்பாடிக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவு பாகாயத்தில் இருந்துகொண்டு இந்த ஒன்றியத்தின் பிறப்பு இறப்புகளை நெடுங்காலமாகப் பதிந்துவருகிறது. 1994 முதல் 1999 வரை இங்கே நிகழ்ந்த தற்கொலைகளைக் கணக்கிட்டு அவர்கள் எழுதிய ஆய்வு 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கிராமத்து மரணங்கள் பலவற்றுக்கு மருத்துவர் சான்றும் பிணக்கூறாய்வும் இருக்காது. ஆகவே இறந்தவரின் வீட்டாரிடம் என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதைக் கொண்டு காரணத்தை முடிவு செய்வார்கள். வாய்மொழிப் பிணக்கூறாய்வு என்று அதற்குப் பெயர். இங்கே ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க எந்தத் திசுவும் இல்லை. வீட்டார் வாயிலிருந்து வரும் சொல்தான் சான்று.

ஒரு தாய் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: 'வேதனை தாங்காம மருந்து குடிச்சிட்டான்.'

தமிழ்க் காதுக்கு இதில் குழப்பமே இல்லை. மனம் உடைந்து பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். கிராமத்தில் 'மருந்து குடிச்சிட்டான்' என்று குரல் தாழ்த்திச் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள். இதே வரியை மலையாளக் காதில் போடுங்கள். வேதன தெரியும், தாங்ஙுக தெரியும், மருந்நு தெரியும், குடிக்குக தெரியும். ஒரு சொல்கூட அந்நியம் இல்லை. கிடைக்கும் பொருள்: வலி தாங்க முடியாமல் மருந்து குடித்தான். ஏதோ நோய், அதற்கு ஏதோ மருந்து. அடுத்த கேள்வி 'என்ன நோய் இருந்தது?' என்று போகும். 'எப்போதிலிருந்து மனசு சரியில்லாமல் இருந்தான்?' என்று போக வேண்டிய கேள்வி அது. எந்தப் பட்டியலை ஒட்டியிருந்தாலும் இந்த வாக்கியம் அதன் கண்ணில் படாது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்து வாக்கியம் முழுதும் தவறாகிப்போகிறது.

அதே தாய் முன்கதை சொல்லும்போது 'சின்ன வயசுலருந்தே விஷமம் பண்ணுவான்' என்று சொல்லலாம். சேட்டைக்காரன் என்று பொருள். கண்ணீருக்கு நடுவே ஒரு சின்னப் பெருமை. மலையாளத்தில் 'விஷமம்' என்றால் துயரம், மனக்கஷ்டம். சிறு வயதிலிருந்தே மனத்துயரம் உள்ளவன் என்று குறிப்பில் ஏறினால், இல்லாத மனநோய் வரலாறு ஒன்று அந்தப் பிள்ளைக்குப் பிறந்துவிடும். தற்கொலை பற்றிய ஆய்வில் இதைவிட வசதியாகப் பொருந்தும் பொய் வேறு கிடைக்காது. படிப்பவர் எல்லோரும் எதிர்பார்த்த பதில் அல்லவா அது.

அந்தப் பதிவு முறையின் அடித்தளத்தில் கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீடு வீடாகப் போவது அவர்கள்தான். மலையாளமும் தமிழும் ஒன்றுதான் என்று வாதிடுகிறவர்கள், இவ்வளவு பழைய ஒரு பணி உள்ளூர்க் காதுகளை எதற்காக நம்பியிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

நான்கு: திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்துவிட்டோம் என்பது.

இதுதான் இருப்பதிலேயே மரியாதையான வாதம், ஆகையால் மிக அபாயமானதும் இதுவே. உலகெங்கும் வழக்கத்தில் உள்ள முறை: ஒருவர் மலையாளப் படிவத்தைத் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி மலையாளமாக்குவார். இரண்டு மலையாளமும் பொருந்தினால் தமிழாக்கம் சரி என்று கையெழுத்தாகும். மலையாளத்துக்கும் ஜப்பானியத்துக்கும் இடையே இது நன்றாகவே வேலை செய்யும். மலையாளத்துக்கும் தமிழுக்கும் இடையே இந்தப் பொறி எலியைப் பிடிக்காமல் விட்டுவிடும்.

காரணத்தைப் படிப்படியாகப் பாருங்கள். மூலத்தில் 'ஷோதன'. முதலாமவர் வீட்டில் மலையாளம் பேசி வேலூரில் தமிழ் கற்றவர்; 'சோதனை' என்று எழுதுகிறார். திருப்பி மொழிபெயர்ப்பவருக்கும் மலையாளம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே அவரும் பெரும்பாலும் அதே வகை ஆள். அறுவைக்குப் பிந்தைய படிவத்தில் 'இன்று சோதனை ஆயிற்றா' என்று பார்த்ததும் அவர் மனத்தில் எழுவது 'ஷோதன'. அப்படியே எழுதுகிறார். மூலமும் திரும்பி வந்ததும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றன. இதே படிவத்தில் ஒருவர் 'மலம் கழிந்ததா, வெளிக்குப் போனீங்களா' என்று சரியாக எழுதியிருந்தால், திரும்பி வரும் மலையாளம் மூலத்திலிருந்து வேறு சொற்களில் இருக்கும். ஒப்பிடுபவர் சிவப்பு மையால் வட்டம் போடுவார். போலி ஒற்றுமைக்கு முழு மதிப்பெண், சரியான தமிழுக்குக் கேள்விக்குறி. உறவு நெருங்கிய மொழிகளில் இந்தச் சோதனை பிழையை வடிகட்டுவதில்லை, பிழைக்குச் சான்றிதழ் கொடுக்கிறது.

திருப்பி மொழிபெயர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மாற்றங்கள் கேட்கிறேன். திருப்புபவர் தமிழ் வீட்டில் பிறந்து பிறகு மலையாளம் கற்றவராக இருக்கட்டும். ஆம், இல்லை என்று முடியும் கேள்வி எதுவாக இருந்தாலும் நோயாளி தன் வாயால் நடந்ததைச் சொல்லும்படி மாறட்டும். 'சோதனை ஆயிற்றா' என்பதற்கு 'ஆம்' வரும், 'கடைசியா எப்ப வெளிக்குப் போனீங்க' என்பதற்கு ஒரு நேரம் வந்தே தீரும். மூன்றாவது, அச்சுக்குப் போகும் முன் அந்தத் தாளைக் கணியம்பாடியிலோ அதைச் சுற்றிய கிராமங்களிலோ உள்ள நாலைந்து பெண்களிடம் படித்துக் காட்ட வேண்டும். புரிகிறதா என்று கேட்டால் பயனில்லை, எல்லோரும் புரிகிறது என்பார்கள். 'இந்த மாத்திரையை எப்ப போடுவீங்க, செய்து காட்டுங்க' என்று கேட்க வேண்டும். ஒரு பெரியம்மா விளக்கு வைத்த பிறகு என்று சொன்னால், சொல் எங்கே சறுக்கியது என்று அங்கேயே தெரியும்.

இதற்கெல்லாம் காலமும் பணமும் ஏது என்ற கடைசி ஆட்சேபம் வரும். மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் நாட்களில் ஒரு பிற்பகலை எடுத்து நாலைந்து பெண்களுக்கு அரை நாள் கூலி கொடுத்தால் முடிகிற வேலை இது. அதைச் செய்யாமல் ஆயிரம் படிவங்களை நிரப்பிய பிறகு பிழை தெரிந்தால் திருத்த வழியே இல்லை. நிரப்பியவரிடம் திரும்பப் போய், அன்றைக்கு நீங்கள் சொன்ன 'ஆம்' எந்த ஆம் என்று கேட்க முடியாது. வாய்மொழிப் பிணக்கூறாய்வில் அந்தத் தாயிடம் இரண்டாம் முறை போய் உட்காரவும் யாருக்கும் மனம் வராது.